‘ஆபரேட்டர் எச்சரிக்கப்பட்டார்’: புகார்ப் படிவம், அன்றும் இன்றும்

தொண்ணூறுகளின் நடுவில் கோவை கணபதியிலும் குறிச்சி சிட்கோவிலும் இருந்த பட்டறைகள் ஒவ்வொன்றாக ஐ.எஸ்.ஓ. சான்றிதழுக்குப் போயின. 1994-ஆம் ஆண்டுப் பதிப்பின் 4.14 பிரிவு, வாடிக்கையாளர் புகார் வந்தால் திருத்த நடவடிக்கையும் தடுப்பு நடவடிக்கையும் எடுத்து அதற்குப் பதிவு வைக்க வேண்டும் என்றது. அதற்காகத்தான் அந்தப் படிவம் பிறந்தது. ஒரே ஒரு தாள், நான்கு கட்டங்கள்: புகார், காரணம், எடுத்த நடவடிக்கை, கையொப்பம். ஆடிட்டர் வருகிற வாரம் கோப்பைத் திறந்தால் எல்லாத் தாளிலும் கிட்டத்தட்ட ஒரே வாசகம் இருக்கும். காரணம்: ஆபரேட்டர் கவனக்குறைவு. நடவடிக்கை: ஆபரேட்டர் எச்சரிக்கப்பட்டார், இனி 100 சதவீதம் பரிசோதனை செய்யப்படும். கீழே மேலாளர் கையொப்பம். புகார் முடிந்தது.

இன்றைய படிவத்தில் இருபது கட்டங்களாவது இருக்கின்றன. இடைப்பட்ட காலத்தில் மாறியது தாளின் நீளம் மட்டும்தானா, வேறு ஏதாவதும் மாறியதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ஒரே புகாரை இரண்டு படிவத்திலும் எழுதிப் பார்க்க வேண்டும். பொறியியல் பட்டறைகளில் அடிக்கடி வரும் வகையில் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

வண்டி பாகம் ஒன்று. அலுமினியம் டை காஸ்டிங் பிராக்கெட். அதில் நான்கு எம்6 துளைகள். நான்கும் அடி மூடிய துளைகள், பிளைண்ட் ஹோல். வி.எம்.சி. இயந்திரத்தில் 5 மில்லிமீட்டர் டிரில்லால் 18 மி.மீ. ஆழம் துளைத்து, பிறகு டேப்பை 15 மி.மீ. வரை இறக்கி மரை போட வேண்டும். வாடிக்கையாளரின் அசெம்பிளி லைனில் ஒரு பிராக்கெட்டில் நான்காவது போல்ட் ஏறவில்லை. பார்த்தால் துளை இருக்கிறது, மரை இல்லை. லைன் நின்றது. புகார் வந்தது.

அன்று இது எப்படி நடந்திருக்கும்? போன் வந்ததும் முதலாளி சூப்பர்வைசரைக் கூப்பிடுவார். அவர் பையில் டேப்பையும் ஹேண்டிலையும் கேஜையும் போட்டுக்கொண்டு, கூட ஒரு பையனையும் அழைத்துக்கொண்டு இரவு பஸ் ஏறுவார். வாடிக்கையாளரின் ஸ்டோரில் உட்கார்ந்து அங்கிருக்கும் பிராக்கெட் அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவார். இந்த வேலையை நான் குறைவாக மதிப்பிடமாட்டேன். கெட்ட சரக்கு மேலே போகாமல் அணை போட்ட அந்த வேகம் இன்றைக்கு மின்னஞ்சலில் எழுதப்படும் பல பதில்களில் இல்லை. ஆனால் அந்தப் பயணத்துக்குப் படிவத்தில் கட்டமே கிடையாது. செய்த நல்ல வேலை பதிவாகாது. திரும்பி வந்து எழுதும் ‘கவனக்குறைவு’ மட்டும் பதிவாகும்.

அந்த எழுத்தும் வெறும் சோம்பலால் வந்ததல்ல. ‘காரணம்’ என்று ஒரு கட்டம் மட்டும் கொடுத்தால் மனிதன் கண்ணுக்கு முதலில் படுவதை எழுதுவான். கண்ணுக்கு முதலில் படுபவர் இயந்திரத்தின் முன்னால் நிற்பவர்.

இந்த நிலை தானாக மாறவில்லை. ஃபோர்டு நிறுவனம் 1987-இல் வெளியிட்ட குழுவாகச் சிக்கல் தீர்க்கும் கையேட்டிலிருந்து வந்த ‘எய்ட் டி’ என்ற எட்டுப் படி முறையை வாகன நிறுவனங்கள் தங்கள் சப்ளையர்களிடம் கேட்கத் தொடங்கின. ஸ்ரீபெரும்புதூர், மறைமலைநகர் பக்கம் கார் தொழிற்சாலைகள் வந்தபோது அந்தக் கேள்விகள் நம் பட்டறை வாசலுக்கு வந்தன. இன்னொரு பக்கம் ஜப்பானிய வழித் தரப்பயிற்சி வேரூன்றியது. 1998-இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவுக்கு டெமிங் பரிசு கிடைத்தது, 2002-இல் டி.வி.எஸ். மோட்டாருக்கு. அந்தக் குழுமங்களுக்குச் சரக்கு கொடுத்த சிறிய பட்டறைகளும் ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்கப் பழக வேண்டியதாயிற்று.

இப்போது அதே பிராக்கெட்டை இன்றைய படிவத்தில் எழுதுவோம்.

முதல் பகுதி காரணத்தைப் பற்றியதே அல்ல. சரக்கு எங்கெங்கே இருக்கிறது என்று கேட்கிறது: வாடிக்கையாளரின் லைனில் எத்தனை, அவர்கள் ஸ்டோரில் எத்தனை, லாரியில் எத்தனை, நம் முடிந்த சரக்கில் எத்தனை, இயந்திரத்துக்கும் பேக்கிங்குக்கும் நடுவில் எத்தனை. ஒவ்வொரு இடத்திலும் எத்தனை பார்த்தோம், எத்தனை கெட்டது. பெரும்பாலான வாகன வாடிக்கையாளர்கள் இதை 24 மணி நேரத்துக்குள் எதிர்பார்க்கிறார்கள். இரவு பஸ் ஏறிய சூப்பர்வைசரின் வேலைக்கு இன்று கட்டம் கிடைத்திருக்கிறது. இது காரணத்தைத் தீர்ப்பதல்ல, அணை போடுவது மட்டுமே என்று தனியாகப் பிரித்து வைத்ததுதான் பெரிய மாற்றம். ‘100 சதவீதம் பரிசோதனை’ என்பதை இந்தப் பகுதியில் எழுதலாம். இதற்குக் கீழே எங்கும் எழுத முடியாது.

அடுத்து காரணம். அதுவும் இப்போது இரண்டு. குறை எப்படி உண்டானது என்பது ஒன்று. உண்டான குறை நம் கண்ணில் படாமல் எப்படி வெளியே போனது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் தனித்தனியாக ‘ஏன்’ கேட்க வேண்டும்.

திரும்பி வந்த அந்த ஒரே பிராக்கெட்டை மேசையில் வைக்கிறோம். மூன்று துளையில் மரை இருக்கிறது, நான்காவதில் இல்லை. அன்று இத்தோடு விட்டிருப்பார்கள். இன்று படிவம் அளவு கேட்கிறது, அதனால் டெப்த் கேஜை உள்ளே விட்டுப் பார்க்கிறோம். 18 மி.மீ. இருக்க வேண்டிய ஆழம் 15.9 இருக்கிறது. மரை இல்லாத துளைதான் புகார். ஆனால் அந்தத் துளை ஆழமும் குறைவு என்பதை வாடிக்கையாளர்கூடச் சொல்லவில்லை. மற்ற மூன்று துளைகளும் அதே 15.9. விஷயம் இங்கேதான் திறந்துகொள்கிறது.

டேப் 15 மி.மீ. இறங்க வேண்டும். துளை 18 இருந்தால் அடியில் 3 மி.மீ. இடம் மிச்சம். மரை வெட்டும்போது உதிரும் சிப் அங்கே போய்த் தங்கும். துளை 15.9 என்றால் மிச்சம் 1 மி.மீ.கூட இல்லை. சிப் அடியில் நெருங்கி இறுகுகிறது, டேப்பின் முனை அதில் முட்டுகிறது, டேப் உடைகிறது. உடைந்த பிராக்கெட்டில் டேப் துண்டு சிக்கி நிற்கும், அதை யாரும் கவனிக்காமல் விடமாட்டார்கள் என்று நினைப்போம். ஆனால் இயந்திரத்துக்குத் தன் டேப் உடைந்தது தெரியாது. நிரல் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்தடுத்த பிராக்கெட்டில் குட்டையாகிப்போன டேப் காற்றில் சுற்றிவிட்டு மேலே வரும்.

துளை ஏன் ஆழம் குறைந்தது? டிரில் மழுங்கியபோது எடுத்துச் சாணை பிடித்தார்கள். நீளம் சுமார் 2 மி.மீ. குறைந்தது. அதே ஹோல்டரில் திரும்ப மாட்டினார்கள். கண்ட்ரோலில் பதிவாகியிருந்த நீள ஆஃப்செட்டை மாற்றவில்லை. டிரில் இன்னும் பழைய நீளத்தில்தான் இருக்கிறது என்று இயந்திரம் நம்பி, 2 மி.மீ. மேலேயே நின்றது.

ஏன் மாற்றவில்லை? பழைய படிவமாக இருந்தால் ‘கவனக்குறைவு’ என்று எழுதிப் பேனாவை மூடும் இடம் இதுதான். இயந்திரத்தருகே போய்க் கேட்டால் பதில் வேறு.

“டூல் நீளம் எங்கே அளப்பீங்க தம்பி?”

“டூல் ரூம்ல கருவி இருக்குதுங்க சார்.”

“நைட் ஷிஃப்ட்ல?”

“நைட்ல டூல் ரூம் பூட்டிருவாங்க சார். மெஷின்லயே தொட்டு எடுக்கலாம், ஆனா அதுக்கு மெஷினை நிறுத்தணும். கவுண்ட் குறையும்.”

சாணை பிடித்த டிரில் நீளம் அளக்கப்படாமலே இயந்திரத்துக்குப் போக வழி இருந்தது. உண்டான காரணம் அதுதான்.

காரணம் என்று எழுதியது உண்மைக் காரணம்தானா என்பதற்கும் சோதனை உண்டு. கழித்துப் போட்ட காஸ்டிங்குகளை எடுத்து, வேண்டுமென்றே 2 மி.மீ. குட்டையான டிரில்லை மாட்டி, ஆஃப்செட்டை மாற்றாமல் ஓட்ட வேண்டும். டேப் உடைகிறதா? ஆஃப்செட்டைச் சரிசெய்து ஓட்டினால் உடைவது நிற்கிறதா? தூண்டினால் வர வேண்டும், நீக்கினால் போக வேண்டும். சில டேப்புகள் வீணாகும். அந்தச் செலவுக்கு அஞ்சி இந்தக் கட்டத்தைக் காலியாக விடுபவர்கள் பல மாதம் தவறான காரணத்தின் பின்னால் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஆபரேட்டர் 25 பிராக்கெட்டுக்கு ஒன்றை எடுத்து மரை கேஜ் போட்டுப் பார்க்கிறார். டேப் உடைந்தது இரண்டு பரிசோதனைக்கு நடுவில். அடுத்த பரிசோதனையில் அவரே கண்டுபிடித்தார், நின்றார், டேப்பை மாற்றினார், மரையில்லாதவற்றைத் தனியாக எடுத்து பெஞ்சில் வைத்துக் கையால் மரை போட்டார். எல்லாம் சரியாகவே செய்தார். ஆனால் எத்தனை பிராக்கெட் ரீவொர்க்குக்கு வந்தது, எத்தனை திரும்பிப் போனது என்று யாரும் எண்ணவில்லை. ரீவொர்க் ஆனவை கேஜ் பக்கம் போகாமல் நேராக நல்ல சரக்கின் பெட்டியில் சேர்ந்தன. அவற்றில் ஒன்று, நான்காவது துளையில் மட்டும் மரை போடப்படாமலே சேர்ந்துவிட்டது. எச்சரிக்கப்பட வேண்டிய ஆபரேட்டர் யார் என்று இப்போது கேட்டால் பதில் இல்லை.

அடுத்து நடவடிக்கை. ஒவ்வொரு நடவடிக்கையும் மேலே எழுதிய ஒரு காரணத்தின் எண்ணைச் சுட்ட வேண்டும் என்பது நல்ல படிவங்களின் விதி. எந்தக் காரணத்தோடும் சேராத நடவடிக்கை அலங்காரம். நடவடிக்கை இல்லாத காரணம் திறந்த கதவு. இதைச் சரிபார்க்க ஓர் எளிய வழி, கீழிருந்து மேலே ‘ஆகவே’ போட்டுப் படிப்பது. டூல் ரூம் பூட்டியிருந்தது, ஆகவே நீளம் அளக்கவில்லை, ஆகவே ஆஃப்செட் மாறவில்லை, ஆகவே துளை ஆழம் குறைந்தது, ஆகவே சிப் இறுகியது, ஆகவே டேப் உடைந்தது. எங்காவது ‘ஆகவே’ உறுத்தினால் அங்கே ஒரு படி விடுபட்டிருக்கிறது. ‘பயிற்சி போதவில்லை, ஆகவே டேப் உடைந்தது’ என்று படித்துப் பாருங்கள், உறுத்தல் தெரியும்.

இந்தப் பிராக்கெட்டுக்கு முதலில் எழுதப்படும் நடவடிக்கை பெரும்பாலும் இப்படி இருக்கும்: பேக்கிங் மேசையில் நான்கு பின் வைத்த ஒரு பிக்ஸ்சர், பிராக்கெட் அதில் உட்கார்ந்தால்தான் பெட்டிக்குப் போகும். பார்க்க அழகாக இருக்கும். படம் எடுத்து இணைக்கலாம். ஆனால் எம்6 மரையின் உள்விட்டம் ஏறக்குறைய 5 மி.மீ., டிரில் விட்டமும் 5. மரை போட்ட துளையில் நுழையும் பின் மரை போடாத துளையிலும் நுழையும். புகாராகத் திரும்பி வந்த அதே பிராக்கெட்டை அந்த பிக்ஸ்சரில் வைத்துப் பார்க்கும் ஒருவர் இருந்தால் அரை நிமிடத்தில் இது வெளிப்படும். படிவம் அப்படி ஒருவரைக் கேட்காவிட்டால் பிக்ஸ்சர் ஆண்டுக்கணக்கில் மேசையில் இருக்கும், எல்லோரும் பாதுகாப்பாக இருப்பதாக நம்புவார்கள்.

வேலை செய்யும் நடவடிக்கை இது: இயந்திரத்துக்குள் டூல் நீளத்தைத் தொட்டுப் பார்க்கும் சென்சார். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் டேப்பின் முனை அதைத் தொட வேண்டும், தொடாவிட்டால் இயந்திரம் நிற்கும். டிரில் மாற்றினால் அதே சென்சாரில் நீளம் தானாகப் பதிவாகும். ஒவ்வொரு சுற்றுக்கும் சில நொடிகள் கூடும், முதலாளி முகம் சுளிப்பார். சென்சார் வாங்க முடியாத பட்டறைக்கும் வழி உண்டு. சாணை பிடித்த ஒவ்வொரு டிரில்லுக்கும் அளந்த நீளம் எழுதிய சீட்டு கட்டித்தான் டூல் ரூம் வெளியே விடும், சீட்டு இல்லாத டிரில் இயந்திரத்துக்குப் போகாது, இரவு ஷிஃப்டுக்கு டூல் ரூம் சாவி உண்டு. இது சென்சாரைவிடப் பலவீனமானது, ஏனென்றால் மனிதர் நினைவை நம்புகிறது. ஆனால் எச்சரிக்கைக் கடிதத்தைவிடப் பல மடங்கு வலுவானது. வெளியேறிய வழிக்குத் தனி நடவடிக்கை: ரீவொர்க்குக்குச் சிவப்புப் பெட்டி, உள்ளே போன எண்ணிக்கையும் வெளியே வந்த எண்ணிக்கையும் ஒரே சீட்டில், திரும்பும் ஒவ்வொன்றும் நான்கு துளையிலும் மரை கேஜ்.

பொறுப்பாளர் கட்டம் அன்று இல்லவே இல்லை. பிறகு வந்தபோது அதில் ‘உற்பத்திப் பிரிவு’, ‘தரப் பிரிவு’ என்று எழுதினார்கள். பிரிவுக்குக் கைகால் கிடையாது. இன்று பெயர் கேட்கிறார்கள், நல்லது. ஆனால் எந்தப் பெயர்? சென்சார் வாங்குவதற்கு சூப்பர்வைசர் பெயரைப் போட்டால் அவர் பர்ச்சேஸ் ஆர்டரில் கையெழுத்திட முடியாதவர், தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். நடவடிக்கையைச் செய்ய அதிகாரம் உள்ளவர்தான் அதன் பொறுப்பாளர். டூல் ரூம் சாவிக்கு டூல் ரூம் இன்சார்ஜ், சென்சாருக்குச் செலவை அனுமதிப்பவர். செய்து முடித்தவரே ‘சரிபார்த்தேன்’ என்று கையெழுத்திடக் கூடாது என்பது இன்னொரு விதி. சிறிய பட்டறையில் ஆள் பற்றாக்குறை உண்மைதான். அப்படியானால் வேறு ஷிஃப்ட் சூப்பர்வைசர் சரிபார்க்கட்டும்.

கடைசிக் கட்டம்தான் இந்த முப்பது ஆண்டு மாற்றத்தின் உயிர் என்பது என் கருத்து. ‘நடவடிக்கை எடுத்தாயா?’ என்று கேட்பது எளிது, சென்சாரின் படத்தைக் காட்டினால் போதும். ‘பலன் தந்ததா?’ என்பது வேறு கேள்வி. இதற்கு இரண்டு வேலை செய்ய வேண்டும்.

முதல் வேலை, முனை உடைந்த டேப்பை வேண்டுமென்றே மாட்டி இயந்திரம் நிற்கிறதா என்று பார்ப்பது. ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் இதைச் செய்யும் பட்டறைகள் உண்டு. அதற்கென்றே சிவப்பு வண்ணம் அடித்த உடைந்த டேப்பை வைத்திருப்பார்கள்.

இரண்டாவது வேலையில்தான் பலரும் வழுக்குகிறார்கள். ‘மூன்று மாதமாகப் புகார் இல்லை, ஆகவே பலன் கிடைத்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். இந்தப் புகார் முன்பும் பல மாதத்துக்கு ஒருமுறைதான் வந்தது. மூன்று மாத மௌனம் நடவடிக்கை எடுக்காவிட்டாலும் இருந்திருக்கும். புகாரைப் பார்க்கக் கூடாது, காரணத்தைப் பார்க்க வேண்டும். நம் காரணம் டேப் உடைவது. டூல் மாற்றப் பதிவேட்டில் போன மாதம் 8,000 பிராக்கெட்டுக்கு 6 டேப் உடைந்ததாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக 1,300-க்கு ஒன்று. நடவடிக்கைக்குப் பிறகு 30 பிராக்கெட் ஓட்டி ஒன்றும் உடையவில்லை என்றால் அது எதையும் நிரூபிக்காது, பழைய நிலையிலும் 30 ஓட்டினால் பெரும்பாலும் உடைந்திருக்காது. புள்ளியியலில் ஒரு கைக்கணக்கு உண்டு. ஒன்றுகூட உடையாமல் எத்தனை ஓடியதோ அந்த எண்ணால் 3-ஐ வகுத்தால், உண்மை விகிதம் அதற்கு மேல் இல்லை என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். ஆகவே பழைய விகிதத்தைவிடக் குறைந்திருக்கிறது என்று சொல்ல 1,300-ஐப் போல மூன்று மடங்கு, சுமார் 4,000 பிராக்கெட் ஒரு டேப்பும் உடையாமல் ஓட வேண்டும். அது இந்தப் பட்டறைக்கு அரை மாத வேலை. சரிபார்க்கும் தேதியை ‘30 நாள் கழித்து’ என்று போடாமல் ‘4,000 உருப்படி கழித்து’ என்று போட வேண்டும். நடவடிக்கை எழுதும் நாளிலேயே இந்த அளவுகோலையும் எழுதிவிட வேண்டும். பிறகு எழுதினால் கிடைத்த எண்ணுக்கு ஏற்ப அளவுகோல் வளையும்.

தடுப்பு நடவடிக்கையின் கதை தனி. ஐ.எஸ்.ஓ. 9001-இன் 2000, 2008 பதிப்புகளில் அதற்குத் தனிப் பிரிவு இருந்தது. 2015 பதிப்பில் அந்தப் பிரிவே எடுக்கப்பட்டது. நேர்வதற்கு முன் யோசிக்கும் வேலை, ஆபத்துகளை முன்கூட்டி ஆராயும் பகுதிக்குப் போனது. மருத்துவக் கருவிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 13485 தன் 2016 பதிப்பிலும் திருத்த நடவடிக்கையையும் தடுப்பு நடவடிக்கையையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. படிவங்களில் பழைய பெயர் தங்கிவிட்டது. இன்று அந்தக் கட்டத்தில் கேட்க வேண்டியது, சாணை பிடித்த டிரில் அளக்காமல் போகும் வழி வேறு எந்த இயந்திரத்தில் இருக்கிறது, அடி மூடிய துளை வேறு எந்தப் பாகத்தில் இருக்கிறது என்பதே. பதிலைக் கண்ட்ரோல் பிளானிலும் எஃப்.எம்.இ.ஏ.விலும் ஏற்றினால் அடுத்த பாகத்துக்கு இயந்திரம் அமைக்கும் ஆளுக்கு இது போய்ச் சேரும்.

இன்றைய படிவத்தின் குறையையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரின் இணையதளத்தில் ஏற்ற வேண்டியிருப்பதால் அதை எழுதுபவர் பெரும்பாலும் அலுவலகத்தில் இருக்கிறார், இயந்திரத்தருகே இல்லை. முதலில் நடவடிக்கையை முடிவுசெய்துவிட்டு அதற்கு ஏற்ற ஐந்து ‘ஏன்’களைப் பின்னோக்கி எழுதுவது வழக்கமாகிவிட்டது. போன புகாரின் தாளைத் திறந்து பாகத்தின் பெயரை மட்டும் மாற்றுகிறார்கள். எத்தனை புகார் குறித்த நாளில் மூடப்பட்டது என்பதை மேலிடம் சதவீதமாகக் கேட்பதால், மூடுவதே வேலையாகிறது. இதற்குப் படிவத்தில் மருந்து இல்லை. திரும்பி வந்த பொருளை அளந்த எண் காரணப் பகுதியில் இல்லையென்றால் அந்தத் தாளைத் திருப்பி அனுப்பும் துணிவு தர மேலாளருக்கு வேண்டும்.

பிராக்கெட்டுக்கு வருவோம். சென்சார் வரத் தாமதமானதால் சீட்டு முறையோடு சரிபார்ப்பு தொடங்கியது என்று கொள்வோம். 2,700 பக்கத்தில் ஒரு டேப் உடைகிறது. துளை ஆழம் 16.4. ஞாயிறு ஓவர்டைமில் டூல் ரூம் இன்சார்ஜ் வரவில்லை, சாவி ஷிஃப்ட் சூப்பர்வைசரிடம் இருந்தது, டிரில் சீட்டு இல்லாமல் வெளியே போயிருக்கிறது. மூடவிருந்த படிவம் திறந்தே இருக்கும். சீட்டு முறை ஞாயிறுக்குப் பொருந்தவில்லை என்று காரணப் பகுதியில் ஒரு வரி சேரும். சென்சாருக்கான தேதி முன்னால் வரும், பொறுப்பாளர் கட்டத்தில் முதலாளியின் பெயர் ஏறும். 4,000 என்ற எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.